எதிர்க்கடையில் கிலோவுக்கு 180 ரூபாய் கம்மி, அப்படியும் எங்களிடம் வருகிறார்கள். ஏன் என்று எப்படிக் கேட்பது?

வறுகடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் எங்களுக்குக் காப்பிப்பொடிக் கடை. தாத்தா ஆரம்பிச்சது, அப்பா நடத்துறார், நான் ரெண்டு வருஷமா கூட உட்கார்றேன். எங்க 80-20 பொடி, அதாவது காப்பி 80 பங்கு சிக்கரி 20 பங்கு, கிலோ 880 ரூபாய். எதிர் வரிசையில நாலு கடை தள்ளி புதுசா ஒரு கடை வந்திருக்கு, அங்க அதே 80-20 கிலோ 700. பீபெரி, பிளான்டேஷன் ஏன்னு கொட்டை வகை எல்லாமே அவங்ககிட்டயும் இருக்கு. பாதிக் கூட்டம் அங்க போயிடும்னு பயந்தோம். போனது ரொம்பக் கொஞ்சம்.

இப்ப பொடியை பாக்கெட் போட்டு சென்னைக்கு அனுப்பலாம்னு ஒரு யோசனை. கவர் டிசைன் பண்றவர், "உங்க பொடியைக் கூடக் காசு குடுத்து ஏன் வாங்குறாங்க? ஒரு வரியில சொல்லுங்க, அதைத்தான் அட்டையில போடணும்"னு கேட்டார். எனக்குத் தெரியல. கல்லாவுல உட்கார்ந்து வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டேன். 40 பேர். 31 பேர் "டேஸ்ட்டு தம்பி"ன்னாங்க, 6 பேர் "தரம்", 3 பேர் "பழக்கம்".

சரி, டேஸ்ட்டுன்னே போட்டுடலாம்னு பார்த்தா தங்கச்சி ஒரு வேலை பண்ணினா. வீட்டு விசேஷத்துக்கு வந்தவங்களுக்கு மூணு மூணு டம்ளர் வச்சா. ரெண்டுல ஒரே பொடி, ஒண்ணுல வேற. எங்க பொடியும் எதிர்க்கடைப் பொடியும்தான். "எது வேற, சொல்லுங்க"ன்னா. 12 பேர்ல 5 பேர்தான் சரியாச் சொன்னாங்க. குடிக்காம குத்துமதிப்பாச் சொன்னாலே 4 பேர் சரியாச் சொல்லிடுவாங்களாம். அப்பாவே தப்பாச் சொன்னார். ரெண்டு நாளா என்னோட பேசல.

அப்போ டேஸ்ட்டு இல்லைன்னா வேற என்ன? எப்படிக் கேட்டா உண்மை வரும்?

---

நூத்துக்கு_நூறு எழுதியது:

40 பேர் போதாது. 400 பேராவது வேணும். ஒரு கூகுள் படிவம் போடுங்க. சுவை, மணம், விலை, கடை தூரம், நம்பிக்கைன்னு பத்து விஷயம் குடுத்து ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடச் சொல்லுங்க. சராசரி எடுத்தா எது முக்கியம்னு தெரிஞ்சிடும். பத்துப் பேரை உட்கார வச்சுக் கதை கேட்கிறதெல்லாம் புள்ளிவிவரம் ஆகாது.

---

ஊர்சுற்றி எழுதியது:

இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்த்தேன். சோப்பு, டீத்தூள், பெயின்ட் என்று வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது.

தம்பி, உங்கள் கேள்வியில் மூன்று கோளாறு இருக்கிறது.

முதலாவது, கேட்டது யார்? கடைக்காரர் மகன். எங்கே? கல்லாவில், பணம் கொடுக்கும் நேரத்தில், பின்னால் நாலு பேர் நிற்கும்போது. அந்த இடத்தில் ஒரு மனுஷன் வேறு என்னதான் சொல்வான்? "டேஸ்ட்டு" என்பது பதில் இல்லை, மரியாதை. நீங்கள் கேட்கக் கூடாது. உங்கள் தங்கை கேட்டாலும் கடை அடையாளம் தெரியாத இடமாக இருக்க வேண்டும். அவர்கள் வீட்டு அடுக்களை என்றால் உத்தமம்.

இரண்டாவது, "ஏன்" என்று கேட்டீர்கள். ஏன் என்று கேட்டால் ஆள் உடனே வக்கீல் ஆகிவிடுவான். தான் செய்தது சரி என்று வாதாட ஒரு நல்ல காரணத்தைத் தேடிப் பிடிப்பான். "அன்றைக்கு என்ன நடந்தது" என்று கேட்டால்தான் சாட்சி சொல்ல வருவான். நமக்கு வேண்டியது சாட்சி.

மூன்றாவதுதான் பெரிய கோளாறு. உங்களிடமே நிற்கிறவர்களை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். பத்து வருஷமாக வாங்குகிறவருக்கு ஏன் வாங்குகிறோம் என்பதே மறந்திருக்கும். கடந்த மூன்று மாதத்துக்குள் அந்தக் கடையிலிருந்து உங்களிடம் வந்தவர்களையும், உங்களை விட்டு அங்கே போனவர்களையும் பிடியுங்கள். கடை மாறின அந்த ஒரு நாளில்தான் மனுஷன் நிஜமாக யோசித்திருப்பான். மூன்று மாதம் தாண்டினால் நினைவு மங்கிவிடும், அப்புறம் அவர்களே கதை கட்டுவார்கள்.

இன்னொன்று. பேச்சின் கடைசியில் "அந்தக் கடையில் இப்போது என்ன விலை?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. விலையே தெரியாதவர் மலிவானதை ஒதுக்கிவிட்டு உங்களைத் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்வது? அவர் ஒப்பிடவே இல்லை. அது வேறு கதை, அதைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

---

திருச்சி ராஜி எழுதியது:

எங்க வீட்டுல முப்பது வருஷமா ஒரே கடைப் பொடிதான். நீங்க என்ன வேணா சொல்லுங்கோ, தரம்தான் காரணம். நாங்க வாங்கற கடையிலயும் விலை ஜாஸ்திதான். ஆனா நல்ல பொடி வேணும்னா இங்கேயே தில்லைநகர் பக்கம் வந்து வாங்கிக்கலாமே, மயிலாடுதுறையிலேர்ந்து எதுக்கு வரவழைக்கணும்?

---

ஊர்சுற்றி எழுதியது:

அம்மா, வறுகடை பொடி தேடவில்லை, அவரே கடைக்காரர். பரவாயில்லை, நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு கேள்வி கேட்கலாமா? இந்த முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது வேறு கடைப் பொடி வாங்கியது உண்டா? கடைசியாக எப்போது?

---

திருச்சி ராஜி எழுதியது:

ஏன் இல்லாம? போன ஐப்பசியில வாங்கினேன். கடைக்காரர் வீட்டுல ஒரு துக்கம், நாலு நாள் கடை மூடியிருந்தது. டப்பாவுல பொடி தீர்ந்து போச்சு. பக்கத்துல ஒரு கடையில கால் கிலோ வாங்கினேன், விலையும் கம்மிதான்.

---

ஊர்சுற்றி எழுதியது:

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள்? மறுநாள் காலையில் என்ன நடந்தது? நிதானமாகச் சொல்லுங்கள்.

---

திருச்சி ராஜி எழுதியது:

அதை ஏன் கேக்கறேள். பொண்ணோட மாமியார் மாமனார் முதல் நாள் ராத்திரிதான் வந்து இறங்கினா. காலம்பற அஞ்சரைக்கு எழுந்து ஃபில்டர்ல பொடி போட்டு வென்னீர் விட்டேன். ஆறு மணி ஆச்சு, ஆறேகால் ஆச்சு, கீழ் டப்பாவுல நாலு ஸ்பூன் கூட இறங்கலை. மூடியைத் திறந்து பார்த்தா தண்ணி மேலேயே குளம் மாதிரி நிக்கறது. தட்டினேன், கரண்டிக் காம்பால குத்தினேன். சம்பந்தி ஹால்ல பேப்பரைப் புரட்டிண்டு உட்கார்ந்திருக்கார். பால் ரெண்டு தடவை பொங்கி ஏடு கட்டிடுத்து. கடைசியில டீ போட்டுக் குடுத்தேன். "நீங்க காப்பி சாப்பிடறதில்லையா"ன்னு அந்த அம்மா கேட்டா பாருங்கோ!

---

ஊர்சுற்றி எழுதியது:

அந்தப் பொடியின் ருசி எப்படி இருந்தது? மீதிப் பொடியை என்ன செய்தீர்கள்?

---

திருச்சி ராஜி எழுதியது:

குடிச்சாத்தானே ருசி தெரியும்! மீதியை வேலை செய்யற பொண்ணுகிட்டக் குடுத்துட்டேன். அவ பாத்திரத்துல கொதிக்க வச்சு வடிகட்டித்தான் குடிப்பா. "நல்லாத்தான் இருக்கும்மா"ன்னா.

இப்போ எழுதும்போதுதான் எனக்கே உறைக்கறது. நான் தரம்னு சொன்னது இதைத்தானோ?

---

வறுகடை எழுதியது:

ராஜி அம்மா சொன்னதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு நாளா பேசாதவர் பேசிட்டார். "பொடியை மாவு மாதிரி அரைச்சிருப்பான். சிக்கரியும் கூடப் போயிருக்கும், அது தண்ணியில ஊறி ஓட்டையை அடைக்கும்"னார். எங்க மெஷின்ல கல்லு தேய்ஞ்சா பதம் மாறும்னு மாசத்துக்கு ஒரு தடவை விரல்ல தேய்ச்சுப் பார்த்துத்தான் திருகுவார். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாவே தோணினதில்ல.

---

நூத்துக்கு_நூறு எழுதியது:

சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா இது ஒரு அம்மா, ஒரு காலை, ஒரு ஃபில்டர். இதை வச்சு என்ன முடிவுக்கு வர முடியும்?

---

ஊர்சுற்றி எழுதியது:

ஒரு முடிவுக்கும் வர முடியாது, நீங்கள் சொல்வது சரி. எத்தனை பேர் என்பதை இந்த வழியில் ஒருநாளும் சொல்ல முடியாது. பத்து பேட்டியில் ஏழு பேர் சொன்னால் நூற்றுக்கு எழுபது என்று எழுதுகிறவனை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் படிவத்தில் இருந்த பத்து விஷயத்தை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். சுவை, மணம், விலை, தூரம், நம்பிக்கை. "டிகாஷன் இறங்குகிறது" என்று ஒரு வரி அதில் வந்திருக்குமா? 400 பேரிடம் கொடுத்தாலும் ராஜி அம்மா "சுவை"க்கு ஐந்து போட்டுவிட்டுப் போயிருப்பார். பேட்டி முதலில், எண்ணிக்கை பிறகு. எதை எண்ணுவது என்று தெரியாமல் எண்ணக் கூடாது.

நான் கேட்டதையும் கவனியுங்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். "ஏன்" என்ற வார்த்தையே வரவில்லை. வேறு பொடி வாங்கிய ஒரு நாளைத் தேடினேன், அந்த நாளில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன், மறுநாள் காலைக்கு நகர்ந்தேன், கடைசியில் மீதிப் பொடி எங்கே போனது என்றேன். பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எப்போதும் கேளுங்கள். வேலைக்காரப் பெண் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அங்கேதான் வந்தது. அது வராவிட்டால் அந்தப் பொடி மட்டம் என்றே முடிவு கட்டியிருப்போம்.

---

கொடுமுடி செல்வி எழுதியது:

பொருள் எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு கேளுங்கன்னு ஊர்சுற்றிண்ணா சொன்னாரே, அதுக்கு என் அனுபவம் ஒண்ணு. நாங்க மரச்செக்குத் தேங்காயெண்ணெய் ஆட்டி விக்கிறோம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு முப்பது பேர்கிட்டக் கேட்டேனுங்க, "லிட்டருக்கு நூறு ரூபா கூட இருந்தா வாங்குவீங்களா"ன்னு. அத்தனை பேரும் "கண்டிப்பா வாங்குவோம் செல்வி"ன்னாங்க. கடை திறந்தப்புறம் அந்த முப்பதுல நாலு பேர்தான் வந்தாங்க. நாளைக்கு என்ன செய்வீங்கன்னு கேட்கவே கூடாதுன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

அப்புறம் திரும்பத் திரும்ப வாங்குற ஆறேழு வீட்டுக்கு நேராவே போனேன். "பாட்டில் இப்ப எங்க இருக்குது, காட்டுங்க"ன்னேன். ஒரு வீட்டுலகூட அடுப்படியில இல்லீங்க! ஒரு வீட்டுல தொட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில, குழந்தை பவுடரோட. இன்னொரு வீட்டுல குளிக்கற ரூம்ல. சமைக்கறதுக்கு வேற மலிவு எண்ணெய்தான். குழந்தைக்குத் தேய்க்க மட்டும் என்னோடது. நான் லேபிள்ல பொரிச்ச அப்பளம் படம் போட்டு வச்சிருந்தேன்.

அந்த வீடுகள்ல என்னை யாரும் சமையல் எண்ணெயோட ஒப்பிடவே இல்ல. குழந்தைக்குத் தேய்க்கிற கடை எண்ணெயோட ஒப்பிட்டாங்க, அதைப் பார்க்க என்னோடது மலிவு.

---

சந்தேகம் எழுதியது:

எல்லாரும் ஒரு அடிப்படையை விட்டுட்டீங்க. மனுஷனுக்குத் தான் ஏன் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தான்னு தெரியவே தெரியாது. நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க 1977ல ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரே மாதிரி நாலு ஜோடி நைலான் காலுறையை வரிசையா வச்சு எது நல்லதுன்னு கேட்டாங்க. வலது கடைசியில இருந்ததைத்தான் ஏகப்பட்ட பேர் எடுத்தாங்க. ஏன்னு கேட்டா நெசவு நல்லா இருக்குன்னாங்க. வச்ச இடம்தான் காரணமான்னு கேட்டா அநேகமா எல்லாரும் இல்லைன்னுட்டாங்க. நாலும் ஒண்ணுதான்! ராஜி அம்மா சொன்னதும் பின்னாடி கட்டின கதையா இருக்கலாம். பேட்டி எல்லாமே நேர விரயம்.

---

திருச்சி ராஜி எழுதியது:

கதை கட்டினேனா? வென்னீர் மேலேயே நின்னதை நான் கண்ணால பார்த்தேன்.

---

ஊர்சுற்றி எழுதியது:

சந்தேகம் சொன்ன பரிசோதனை உண்மை. அதை வைத்துத்தான் "ஏன்" கேட்காதே என்கிறேன். ராஜி அம்மாவிடம் காரணம் கேட்டபோது வந்தது "தரம்", அது காலுறைப் பதில். நடந்ததைக் கேட்டபோது வந்தது தண்ணீர் நின்ற குளம். முன்னதை நம்ப வேண்டாம், பின்னதைக் கொஞ்சம் நம்பலாம். முழுக்க நம்ப மாட்டேன், நினைவும் பொய் சொல்லும்.

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது இன்னும் கூர்மையானது. சில காரணம் ஆளுக்கே தெரியும், வாயால் சொல்ல மாட்டார். அதற்கு ஒரு பழைய வழி உண்டு, அதுவும் காப்பிக் கதைதான். 1950இல் மேசன் ஹேர் என்பவர் அமெரிக்காவில் உடனடிக் காப்பி ஏன் விற்கவில்லை என்று பார்த்தார். நேராகக் கேட்டால் பெண்கள் "ருசி பிடிக்கவில்லை" என்றார்கள். அவர் இரண்டு மளிகைப் பட்டியல் எழுதினார். இறைச்சி, ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றே. ஒன்றில் நெஸ்கபே, மற்றதில் வடிகட்டிப் போடும் மாக்ஸ்வெல் ஹவுஸ் பொடி. ஆளுக்கு ஒரு பட்டியலை மட்டும் கொடுத்து, "இதை வாங்கிய பெண் எப்படிப்பட்டவள்?" என்று கேட்டார். நெஸ்கபே பட்டியலைப் பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். இன்னொரு பட்டியலில் அந்தப் பேச்சே அநேகமாக இல்லை. ருசி என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது "என்னைச் சோம்பேறி என்பார்களே" என்ற பயம்.

வறுகடை, உங்கள் பேட்டியின் கடைசியில் இதைப் போடலாம். "அந்தக் கடையில் வாங்குகிறவர்கள் எந்த மாதிரி வீடு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த வீட்டைப் பற்றிச் சொல்வதாக நினைத்துத் தன்னைப் பற்றிச் சொல்வார்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம். பத்து நொடி மௌனத்தைத் தாங்குகிறவனுக்கு எதிராளி தானாகவே அடுத்த வரியைச் சொல்வார்.

---

வறுகடை எழுதியது:

சரிண்ணே, இறங்கறேன். எத்தனை பேர்? என்ன குடுக்கணும் அவங்களுக்கு?

---

ஊர்சுற்றி எழுதியது:

எட்டில் தொடங்குங்கள். வந்தவர் நாலு, போனவர் இரண்டு, பழையவர் இரண்டு. கதைகள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் நிறுத்தலாம், எட்டாவதிலும் புதிது வந்தால் இன்னும் நாலு. ஒருவருக்கு முக்கால் மணி. அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். கால் கிலோ பொடி கொடுங்கள், ஆனால் பேசி முடித்த பிறகு. முன்னால் கொடுத்தால் மறுபடி "டேஸ்ட்டு"தான் வரும். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். அவர்கள் "இழுபறி" என்றால் "வசதிக் குறைவு" என்று மாற்றாதீர்கள்.

---

வறுகடை எழுதியது (மூணு வாரம் கழிச்சு):

முடிச்சாச்சு. 9 பேர். தங்கச்சியோட காலேஜ் தோழிதான் போய்க் கேட்டா, கடைப் பேரே சொல்லல, "காப்பி பத்தி ஒரு வேலை"ன்னு மட்டும். வந்தவங்க நாலு பேரைப் பிடிக்கிறது சுலபமா இருந்துச்சு. போனவங்கதான் கஷ்டம். கடைப்பையனுக்கு எல்லா வீடும் தெரியும், அவன்தான் ரெண்டு வீட்டைக் காட்டினான்.

முதல்ல போனவங்க. ஒருத்தர் விலைக்காகத்தான் போயிருக்கார், ஒளிவு மறைவு இல்லாம சொன்னார். மாசத்துக்கு ஒண்ணரைக் கிலோ வாங்குற கூட்டுக் குடும்பம். இன்னொரு அம்மா விலைக்காகப் போகல. மகன் துபாய் போயிட்டான், இப்ப வீட்டுல ஒரே ஆள், எங்ககிட்ட 100 கிராம் கேட்கக் கூச்சமா இருந்துச்சாம். அங்க 50 கிராம் பொட்டலம் தொங்குது. எனக்கு இது நெஞ்சுல குத்தினாப்ல இருந்துச்சு.

வந்த நாலு பேர்ல ரெண்டு பேர் கதை ராஜி அம்மா கதையேதான். இறங்கல. ஒருத்தர் வீட்டுல ஒரு வாரம் இறங்குமாம், மறுவாரம் இறங்காதாம். கெட்ட பொடின்னாக்கூடத் தெரிஞ்சு விட்டிருப்பாங்க, இந்த நிச்சயமில்லாத்தனம்தான் அவங்களுக்கு ஆகல.

ஆனா நான் எதிர்பார்க்காதது மிச்ச ரெண்டு பேர். அதுல ஒண்ணைப் பதிவுலேர்ந்து அப்படியே எழுதுறேன். ஸ்கூல் டீச்சர், நாப்பது வயசுக்குள்ள.

"அந்தக் கடையில கடைசியா எப்ப வாங்கினீங்க?"
"ஆடி மாசம். பையனை அனுப்பினேன்."
"அனுப்பினப்ப என்ன சொல்லி அனுப்பினீங்க?"
"80-20, கால் கிலோ, ஃபில்டர் பொடின்னு. பேப்பர்ல எழுதியே குடுத்தேன்."
"அப்புறம்?"
"60-40 வாங்கிட்டு வந்துட்டான். அவனைத் திட்டினேன். அவன் பேப்பரைக் காட்டித்தான் வாங்கியிருக்கான், அங்க இருந்த பொண்ணு புதுசு. திரும்பக் கொண்டு போய்க் குடுத்தா அரைச்ச பொடியை எடுக்க மாட்டோம்னுட்டாங்க."
(ரொம்ப நேரம் பேசல)
"அதுக்கு முன்னாடி அந்தப் பழைய கடையில வாங்கிட்டிருந்தப்ப இதெல்லாம் சொல்ல வேண்டியதே இல்ல. மாமனார் பேரைச் சொன்னாப் போதும், பெரியவர் போட்டுக் குடுத்துடுவார். எங்க வீட்டு அளவு எனக்கே தெரியாது."

பழைய ஆளுங்க மூணு பேரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாங்க. ஒருத்தர், "வேலைக்காரியை அனுப்பினாலும் சரியா வரும்"னார். அப்பாகிட்ட ஒரு நீளமான நோட்டு இருக்கு. வீட்டுப் பேர், சதவீதம், பதம், எல்லாம் அதுல இருக்கு. சில வீட்டுக்கு 70-30, சிலதுக்கு 85-15, "தஞ்சாவூர் ஃபில்டர், கொரகொர"ன்னுகூட எழுதியிருக்கார். நான் அதைக் கடன் நோட்டுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

எதிர்க்கடை விலை தெரியுமான்னும் கேட்டோம். பழையவங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் தெரியல. கால் கிலோவா வாங்குறவங்களுக்கு வித்தியாசம் 45 ரூபாய்தான், அதுவும் அந்தந்த வாரச் செலவுல கரைஞ்சு போகுது. ஒண்ணரைக் கிலோ வாங்கினவர் மட்டும்தான் 270 ரூபாய்னு கணக்காச் சொன்னார்.

"அந்தக் கடையில வாங்குற வீடு எப்படிப்பட்ட வீடு"ங்கிறதுக்கு மட்டும் ஒண்ணும் பெரிசா வரல. "எல்லாரும்தான் வாங்குவாங்க"ன்னுட்டாங்க. சோம்பேறி, கஞ்சன்னு யாரும் வாயே திறக்கல.

---

ஊர்சுற்றி எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். அந்த டீச்சர் மௌனமாக இருந்தபோது உங்கள் தங்கையின் தோழி குறுக்கே பேசாமல் இருந்தாளே, அவளுக்கு என் பாராட்டு. கடைசிக் கேள்விக்கு ஒன்றும் வராததும் ஒரு பதில்தான். உங்கள் ஊரில் காப்பிப்பொடிக் கடை இன்னும் அந்தஸ்து விஷயம் ஆகவில்லை. அட்டையில் அரண்மனைப் படம் போட வேண்டாம்.

ஆனால் இப்போது உங்களுக்கு ஒரு தலைவலி இருக்கிறது, கவனித்தீர்களா? மக்கள் கூடக் காசு கொடுப்பது இரண்டுக்கு. பதம் மாறாதது ஒன்று, அப்பாவின் நோட்டு மற்றது. சென்னைக்கு அனுப்பும் பாக்கெட்டில் முதலாவது போகும். நோட்டு போகாது.

---

வறுகடை எழுதியது:

அதான்ணே ராத்திரி தூக்கம் வரல. டிசைன் பண்றவர் "பாரம்பரியம்"னு பெரிசா போட்டு ஒரு மாதிரி அனுப்பியிருக்கார். 9 பேர்ல ஒருத்தர் வாயிலகூட அந்த வார்த்தை வரல.

---

நூத்துக்கு_நூறு எழுதியது:

இப்ப எண்ணலாம். ஒரு வாரம் கல்லாவுல ஒரு சீட்டு வையுங்க. வர்ற ஒவ்வொருத்தரும் சதவீதம் சொல்லி வாங்குறாங்களா, பேர் மட்டும் சொல்லி வாங்குறாங்களான்னு கோடு போடுங்க. நான் முதல்ல சொன்ன படிவத்தை விட்டுத்தள்ளுங்க. ஆனா டம்ளர் சோதனையில எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல. ஒரு விசேஷ வீட்டுல பாலும் சக்கரையும் போட்டு ஒரு வாய் குடிக்கிறது வேற, தினம் ரெண்டு வேளை ஒரு வருஷம் குடிக்கிறது வேற. டேஸ்ட்டு இல்லவே இல்லைன்னு 12 பேரை வச்சுச் சொல்லிட முடியாது.

---

சந்தேகம் எழுதியது:

அதுக்கு நானும் சேர்ந்துக்கறேன். வந்த நாலு பேரும் எதிர்க்கடையில் ஏமாந்தவங்க. அங்கயே சந்தோஷமா இருக்கிறவங்களை யாரும் கேட்கலையே? அங்க 200 வீட்டுல ஒழுங்கா இறங்கிட்டிருக்கலாம்.

---

ஊர்சுற்றி எழுதியது:

இரண்டு பேரும் சொல்வது நியாயம். எதிர்க்கடையில் நிற்கிறவர்களைப் பேட்டி எடுக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் சின்ன ஊரில் அதைச் செய்தால் சண்டையில் முடியும். நான் ஒரு தடவை செய்து கல்லடி பட்டிருக்கிறேன்.

---

வறுகடை எழுதியது:

திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் கோடு போட்டாச்சு. 118 பேர்ல 71 பேர் பேர் மட்டும் சொல்லித்தான் வாங்கினாங்க. பாக்கி 47 பேர்ல பாதி எங்களுக்கே புது முகம்.

50 கிராம் பொட்டலம் நேத்துலேர்ந்து தொங்க விட்டிருக்கேன். அந்த அம்மா இன்னும் வரல.

சென்னைக்குப் பாக்கெட் போடுறதை நிறுத்தி வச்சிருக்கேன். முதல் தடவை ஆர்டர் பண்ணும்போது என்ன ஃபில்டர், எத்தனை பேர், எவ்வளவு நேரத்துல இறங்கணும்னு மூணு கேள்வி கேட்டு, அந்த வீட்டுக்குன்னு ஒரு எண் குடுத்து, அடுத்த தடவை எண்ணைச் சொன்னாப் போதும்னு வச்சா நோட்டு சென்னைக்கும் போகுமான்னு தங்கச்சி கேட்கிறா. அப்பா சிரிக்கிறார், "எண்ணைச் சொல்லிக் காப்பிப்பொடி வாங்குறதுக்கு ரேஷன் கடையே இருக்கே"ங்கிறார். செல்வியக்கா, நீங்க ஆன்லைன்ல விக்கிறீங்களே, பழைய ஆளுங்க திரும்ப வாங்கும்போது உங்ககிட்ட என்ன சொல்லி வாங்குறாங்க?

---

கொடுமுடி செல்வி எழுதியது:

முக்காவாசிப் பேர் "போன தடவை அனுப்பினதே அனுப்பிடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் போடுவாங்க தம்பி. எண்ணெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க. நான்தான் மேல தேடிப் பார்த்துக்கணும்.